பௌர்ணமி வாடகையைக் கணக்கில் காட்ட வேண்டுமா?

கேள்வி: திருவண்ணாமலையில் தனியார் நிறுவனம் ஒன்றில் மாதம் 35,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகள் உண்டு. பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் வரும் பக்தர்களுக்கு அவற்றை நாள் வாடகைக்கு விடுகிறோம். ஒரு மாதம் நன்றாக வரும், ஒரு மாதம் ஒன்றுமே வராது. 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே, இதையும் காட்ட வேண்டுமா?

பதில்: வரி கட்ட வேண்டாம் என்பது வேறு, ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டாம் என்பது வேறு. 12 லட்சம் என்பது வரித் தள்ளுபடிக்கான வரம்பு. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டின் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் கட்டாயம். பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால் அந்த எல்லை இரண்டரை லட்சம்.

உங்கள் ஆண்டுச் சம்பளம் 4,20,000. நிலையான கழிவு 75,000 போக 3,45,000. இதோடு நின்றால் ரிட்டர்ன் தேவைப்படாது. அறைகளில் ஆண்டு முழுக்க 1,32,000 வசூலாகி, சலவை, துப்புரவு, மின்சாரம், தண்ணீர் லாரி எல்லாம் சேர்த்து 42,000 செலவானது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 90,000. மொத்தம் 4,35,000 ஆகிவிட்டது. வரி ஒரு பைசா வராது. ஆனால் ரிட்டர்ன் போட்டாக வேண்டும்.

விரிப்பு, வெந்நீர், துப்புரவு வசதியோடு நாள் கணக்கில் அறை விடுவது வீட்டு வாடகை ஆகாது, வியாபாரம். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ITR-1 படிவத்தில் இதைக் காட்ட முடியாது. ITR-4 பாருங்கள். அதில் ரொக்க வசூலில் 8 சதவீதம், வங்கி வழியே வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டும் 44AD பிரிவு இருக்கிறது. அப்படிக் காட்டினால் 4 லட்சத்துக்குள் அடங்கிவிடுமே என்று யாராவது சொல்லலாம். அது குறைந்தபட்ச விகிதம்தான். கையில் நின்றது 90,000 என்று உங்கள் நோட்டே சொல்லும்போது, அதையே காட்டுவதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து.

அந்த நோட்டுதான் உங்களிடம் இல்லை என்று நினைக்கிறேன். தேதி, அறை, எத்தனை நாள், எவ்வளவு, ரொக்கமா ஜிபேயா என்று ஒரு வரி எழுதினால் போதும். ரொக்கமாக வந்தாலும் வருமானம் வருமானம்தான். ஆள் வராமல் திருப்பிக் கொடுத்த அட்வான்ஸையும் குறித்து வையுங்கள். மச்சான் அனுப்பிய கைமாற்றும் தீப நாள் வாடகையும் ஒரே வங்கிக் கணக்கில் விழுந்தால், இரண்டு வருடம் கழித்து எது எதுவென்று உங்களுக்கே தெரியாது. அறை வசூலுக்கென்று தனி சேமிப்புக் கணக்கும் தனி க்யூஆர் அட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ITR-4 தாக்கலுக்கான கடைசித் தேதியை incometax.gov.in தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால், வரியே இல்லாத உங்களைப் போன்றவர்களும் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் கட்ட வேண்டிவரும்.