டெலிபோன் பில்லில் தவறான கட்டணம்: மின்னஞ்சலைத் திருத்தும் முறை

சரக்கு அனுப்பிய கம்பெனி ஒரு மூட்டை குறைத்து அனுப்பினால், நம் வியாபாரிகள் அன்றைக்கே கணக்கை எடுத்து வைத்துக் கேட்டுவிடுவார்கள். ஆனால் டெலிபோன் கம்பெனியின் பில்லில் முப்பது வெள்ளி அதிகமாக விழுந்தால், ஒன்று பார்க்காமலே கட்டிவிடுகிறோம். அல்லது கோபம் வந்த ராத்திரியில் ஒரு மின்னஞ்சலை எழுதி அனுப்பிவிட்டு, பதில் வரவில்லையே என்று குறைப்படுகிறோம். அப்படி எழுதுகிற கடிதத்தை அனுப்புமுன் எவ்வாறு பார்த்துத் திருத்த வேண்டும் என்பதை, ஓர் உண்மைக் கடிதத்தை வைத்தே இங்கே பார்ப்போம்.

சிங்கப்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், 2025 ஜூலையில் தம் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தை அனுப்புமுன் என்னிடம் காட்டினார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதன் கருத்து இது:

"நான் பல வருஷமாக உங்கள் வாடிக்கைக்காரன். ஏப்ரல் மாதமே எங்கள் கடையின் இரண்டாவது லைனை நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஆனால் நாலு மாதமாக அதற்கும் சேர்த்துப் பணம் வாங்குகிறீர்கள். இது பகல் கொள்ளை. எத்தனையோ தடவை போன் செய்தும் ஒருவரும் கவனிக்கவில்லை. சுமார் நூற்றிருபது வெள்ளி எனக்கு வர வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த மாதப் பில்லைக் கட்டப் போவதில்லை. தயவு செய்து உடனே விசாரித்து வேண்டியதைச் செய்யவும். இல்லாவிட்டால் பேப்பருக்கு எழுதுவேன்."

படித்தவுடன் இது உறுதியான கடிதம் போலத் தோன்றும். ஆனால் கம்பெனியின் குமாஸ்தா இதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? எந்தக் கணக்கு, எந்த பில், எவ்வளவு தொகை, என்ன செய்ய வேண்டும் என்ற நான்கில் ஒன்றுகூட இதில் நிச்சயமாக இல்லை. உறுதி என்பது குரலில் இல்லை. தொகையிலும் தேதியிலும் இருக்கிறது. ஆகையால் திருத்துகிறவர் எழுத்துப் பிழையை முதலில் தேடக் கூடாது. முதல் வேலை கணக்கைச் சரிபார்ப்பதே.

முதலில் தொகை

"காக்கா, பில்களையும் லைனை நிறுத்தியதற்கு வந்த பதிலையும் கொண்டு வாருங்கள்" என்றேன்.

"தம்பி, நான் ஏப்ரல் 9-ம் தேதியே சொல்லிவிட்டேனே, அதிலிருந்து நாலு மாதம்தானே?" என்றார்.

தவறு அங்கேதான் இருந்தது. நிறுத்தச் சொன்ன தேதி வேறு; லைன் நின்ற தேதி வேறு. அவருடைய ஒப்பந்தத்தில் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. ஆகவே ஏப்ரல் 9-ம் தேதி கேட்டதற்கு, மே 9-ம் தேதியுடன் லைன் நிற்கும் என்று கம்பெனி அன்றே எழுத்தில் உறுதி செய்திருந்தது. அவருடைய பில் ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதி போடப்படுவது. அந்தத் தேதி முதல் அடுத்த மாதம் 9-ம் தேதி வரையுள்ள வாடகையை முன்கூட்டியே வாங்குவது. எனவே ஏப்ரல் 10 பில் நியாயமானது. மே 10, ஜூன் 10, ஜூலை 10 ஆகிய மூன்று பில்களே தவறு. பில்லின் தேதியை மட்டும் பார்க்காமல், அது எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரைக்கும் என்று அதிலேயே அச்சிட்டிருப்பதையும் பார்க்க வேண்டும்.

இனி வெள்ளிக் கணக்கு. லைன் வாடகை மாதம் 30 வெள்ளி. பெரியவர் இதோடு நின்றுவிட்டார். ஆனால் 2024 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 9 சதவீதம். முப்பதுக்கு அது 2.70; ஆக மாதம் 32.70 வெள்ளி. மூன்று மாதத்துக்கு 98.10 வெள்ளி. அவர் கேட்டது 120, உள்ளது 98.10. இருபத்தொரு வெள்ளி தொண்ணூறு காசு அதிகம் கேட்டால் என்ன நஷ்டம் என்று நினைக்கக் கூடாது. ஏப்ரல் பில் சரியானதே என்று கம்பெனி ஒரே வரியில் பதில் எழுதிவிடும். சரியான மூன்று மாதங்களும் அதோடு சந்தேகத்தில் விழுந்துவிடும்.

இதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். மே, ஜூன் பில்களை அவர் பார்க்காமல் கட்டிவிட்டார். அந்த 65.40 வெள்ளி திரும்பி வர வேண்டும். ஜூலை பில் இன்னும் கட்டவில்லை. அதில் உள்ள 32.70 ரத்தாக வேண்டும். கட்டிய பணத்துக்கும் கட்டாத பணத்துக்கும் கேட்பது வெவ்வேறு என்பதால், கடிதத்தில் தனித்தனியாகவே சொல்ல வேண்டும்.

ஜூலை பில்லையே கட்டமாட்டேன் என்ற வரியை அடித்துவிட்டோம். மொத்த பில் 76.30 வெள்ளி. அதில் 43.60 கடையின் முதல் லைனுக்குரியது. அதில் தகராறு இல்லை. அதையும் நிறுத்தி வைத்தால் தாமதக் கட்டணம் விழலாம். ஓடுகிற லைனும் துண்டிக்கப்படலாம். பாக்கிக்காரர் என்ற பெயரும் நமக்கே. ஆகவே கெடு ஜூலை 31 என்றாலும், 17-ம் தேதியே 43.60-ஐக் கட்டச் சொல்லிவிட்டு, அதைக் கடிதத்தில் எழுதினோம்.

அடுத்தது வார்த்தை

கணக்குச் சரியான பிறகு வாசகத்துக்கு வரலாம். இக்கடிதத்தில் இரண்டு வகை வார்த்தைகள் உறுதியைக் கெடுக்கின்றன.

ஒன்று சூடான வார்த்தை. "பகல் கொள்ளை" என்பது ஆதாரம் காட்ட முடியாத குற்றச்சாட்டு. கம்பெனி வேண்டுமென்றே செய்ததா, நிறுத்தச் சொன்ன உத்தரவு பில் போடும் பிரிவுக்குப் போய்ச் சேரவில்லையா என்பது நமக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் பில்லில் தொகை இருக்கிறது என்பதே. ஆங்கிலத்தில் முழுவதும் பெரிய எழுத்தில் எழுதுவதும், மூன்று ஆச்சரியக் குறி போடுவதும் இந்த வகையே.

மற்றது தளர்ந்த வார்த்தை. "சுமார்", "நினைக்கிறேன்", "எத்தனையோ தடவை" இவையெல்லாம் நமக்கே நிச்சயமில்லை என்று சொல்லிவிடுகின்றன. எத்தனை தடவை போன் செய்தீர்கள் என்று கேட்டு, அவருடைய கைப்பேசியில் அழைப்புப் பட்டியலைப் பார்த்தோம். இரண்டு தடவை: ஜூலை 11, ஜூலை 14. தேதியோடு எழுதிய இரண்டு தடவை, தேதியில்லாத இருபது தடவையைவிடக் கனமானது.

"வேண்டியதைச் செய்யவும்" என்ற வாசகம் நம் வியாபாரக் கடிதங்களில் பரம்பரையாக வருவது. அதையும் எடுத்துவிட்டோம். என்ன வேண்டும் என்பதைச் சொல்லாமல் வேண்டியதைச் செய் என்றால், விசாரித்தோம் என்று ஒரு பதில் அனுப்பிவிட்டு அவர்கள் சும்மா இருந்துவிடலாம். "உடனே" என்பதற்கும் ஒரு தேதி வைக்க வேண்டும்.

கடைசியாக மிரட்டல். செய்ய மாட்டாத காரியத்தைச் சொல்லக் கூடாது. பேப்பருக்கு எழுதப் போகிறீர்களா என்று கேட்டதற்குப் பெரியவர் சிரித்துவிட்டார். அதற்குப் பதிலாக உண்மையில் உள்ள வழியை எழுதலாம். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2022 ஏப்ரலில் ஒரு சமரசத் திட்டத்தைத் தொடங்கியது. அதை நடத்துவது சிங்கப்பூர் சமரச நிலையம். வீட்டு வாடிக்கைக்காரர்களைப் போலவே சிறு வியாபாரிகளும் அதற்குப் போகலாம். முதலில் இரு தரப்பையும் வைத்துப் பேச்சு. அதில் தீராவிட்டால் நடுவர் ஒருவரின் தீர்ப்பு. ஆனால் முதலில் கம்பெனியிடமே கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். அப்படிக் கேட்டதற்கு இந்தக் கடிதமே சாட்சி.

திருத்திய கடிதம்

பொருள்: கணக்கு எண், பிறகு "நிறுத்தப்பட்ட லைனுக்கு விதித்த 98.10 வெள்ளி".

"மேற்படி கணக்கின் இரண்டாவது லைன் 2025 மே 9-ம் தேதியுடன் நிறுத்தப்படும் என்று தாங்கள் ஏப்ரல் 9-ம் தேதி எழுத்தில் உறுதி செய்தீர்கள். அதற்குப் பிறகும் மே 10, ஜூன் 10, ஜூலை 10 தேதியிட்ட பில்களில் அந்த லைனுக்கு ஜிஎஸ்டி உள்பட மாதம் 32.70 வெள்ளி, மொத்தம் 98.10 வெள்ளி விதிக்கப்பட்டுள்ளது. ஜூலை 11, 14 தேதிகளில் போனில் தெரிவித்தும் திருத்தப்படவில்லை.

நான் கேட்பவை மூன்று. கட்டிவிட்ட 65.40 வெள்ளியைத் திருப்பித் தரவும். ஜூலை பில்லில் உள்ள 32.70 வெள்ளியை ரத்து செய்யவும். இனி வரும் பில்களிலிருந்து அந்த லைனை நீக்கவும். முதல் இரண்டுக்கும் கிரெடிட் நோட் தேவை.

ஜூலை பில்லில் தகராறில்லாத 43.60 வெள்ளியை 17-ம் தேதி கட்டிவிட்டேன். மீதி 32.70 வெள்ளி விசாரணைக்குரியது. அதன்மேல் தாமதக் கட்டணம் விதிக்க வேண்டாம்.

2025 ஆகஸ்ட் 1-ம் தேதிக்குள் எழுத்தில் பதில் தரவும். அதற்குள் தீராவிட்டால் சிங்கப்பூர் சமரச நிலையத்தில் மனுச் செய்வேன்.

இணைப்பு: தங்கள் உறுதிக் கடிதம் 1, பில்கள் 3."

இதில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. கிரெடிட் நோட் கேட்டது கடைக் கணக்குக்காக. ஜிஎஸ்டியில் பதிவு செய்த கடையானால், முன்பு கழித்துக்கொண்ட வரியைச் சரி செய்ய அது அவசியம்.

அனுப்புமுன்

எண்களை வாசகத்தோடு சேர்த்துப் படித்தால் பிழை கண்ணில் படாது. ஸ்டாக் எடுப்பதுபோல, ஒருவர் பில்லைப் பார்த்துச் சத்தமாகப் படிக்க, மற்றவர் கடிதத்தைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது அவருடைய கணக்கு எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தது தெரிந்தது. அப்படியே போயிருந்தால் கணக்கு இல்லை என்ற பதில்தான் வந்திருக்கும். இணைப்புகளைத் திறந்து, நான்கும் இருக்கின்றனவா, எழுத்துத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். கணக்கில் பதிவான மின்னஞ்சலிலிருந்தே அனுப்ப வேண்டும். பாங்கு அட்டை எண்ணையும் ரகசியச் சொல்லையும் எழுதக் கூடாது. அவை இந்த வேலைக்குத் தேவையில்லை.

18-ம் தேதி கடிதம் போயிற்று. சில நாளில், நல்லெண்ணத்துக்காக 50 வெள்ளி தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. பெரியவர் ஒப்புக்கொள்ள இருந்தார். இங்கேதான் பலர் சறுக்குவது. தள்ளுபடி என்பது அவர்கள் தயவு. திருத்தம் என்பது நம் பாக்கி. அதே கடிதத் தொடரில் இரண்டு வரி எழுதினோம்: "தங்கள் பதில் கிடைத்தது. நான் கேட்டது தள்ளுபடி அன்று. மே 9-க்குப் பின் விதித்த 98.10 வெள்ளியின் திருத்தம். அதில் எந்தத் தொகை சரியானது என்று கருதுகிறீர்கள் என்பதைக் காரணத்தோடு தெரிவிக்கவும்."

சரியானது என்று காட்ட ஒரு காசும் இல்லை. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே 65.40-க்கும் 32.70-க்கும் தனித்தனியே கிரெடிட் நோட் வந்து சேர்ந்தது. ஆகஸ்ட் 10 பில்லையும் அவர் வரி வரியாகப் பார்த்தார். இரண்டாவது லைன் அதில் இல்லை.