வணிகக் கணக்கை ஒரு மணி நேரத்தில் சோதித்தறிதல்

உலு திராம் வட்டாரத்தில் வீட்டிலிருந்தபடியே தையல், பலகாரம், மாலை கட்டுதல் முதலிய தொழில்களைச் செய்வோர் பலர், இன்ஸ்டாகிராமில் ஒரு வணிகக் கணக்கும் வாட்ஸ்அப்பில் ஓர் எண்ணும் வைத்திருக்கின்றனர். கணக்குத் திறந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியும் வியாபாரம் பெருகாதபோது, இன்னும் அதிகமாகப் படங்கள் போட வேண்டும் என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். பால்மரத்துக் கோட்டில் பால் நன்றாக வடிந்தும் மங்கில் சேரவில்லையென்றால் நாம் மேலும் ஒரு கோடு வெட்டுவதில்லை. பால் எங்கே சிந்துகிறது என்றுதான் பார்ப்போம். வணிகக் கணக்கையும் அவ்வாறே பார்த்தல் வேண்டும்.

இதற்கு ஒரு மணி நேரம் போதும். கணக்கின் முகப்பு, அதில் இட்ட பதிவுகள், வந்த விசாரணைகள் ஆகிய மூன்று இடங்களையும் வரிசையாகச் சோதித்து, ஒவ்வோர் இடத்திலும் மிகவும் பலவீனமான ஒன்றை மட்டும் கண்டுபிடிப்பதே நோக்கம். பாடம் எளிதில் விளங்கும்பொருட்டு ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். உலு திராமில் ஒரு தாமான் வீட்டில் ஓர் அம்மையார் சேலை இரவிக்கை தைக்கிறார். அவருடைய வாடிக்கையாளர் ஜொகூர் பாருவிலிருந்தும் கோத்தா திங்கியிலிருந்தும் வருகின்றனர்.

முதல் ஐந்து நிமிடம்: எண்களைக் குறித்தல்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, கணக்கின் `Insights` பகுதியில் கடந்த முப்பது நாட்களுக்கான இரண்டு எண்களை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். முகப்பைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர் என்பது ஒன்று. அங்குள்ள இணைப்பைத் தொட்டவர் எத்தனை பேர் என்பது மற்றொன்று. தனிநபர் கணக்காக இருப்பின் இவ்வெண்கள் கிடைக்கமாட்டா. அதனைத் தொழில்முறைக் கணக்காகக் கட்டணமின்றி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றிய நாள் முதற்கொண்டே கணக்கீடு தொடங்கும்.

நம் எடுத்துக்காட்டில் முகப்பைப் பார்த்தவர் 160 பேர். இணைப்பைத் தொட்டவர் 8 பேர்.

அடுத்த பதினைந்து நிமிடம்: முகப்பு

இத்தொழிலைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரிடம் முகப்பைப் பத்து விநாடி காட்டிவிட்டுக் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். என்ன விற்கப்படுகிறது, எந்த ஊரில், எப்படிக் கேட்பது என்னும் மூன்று வினாக்களை அவரிடம் கேளுங்கள். அவர் எதற்கு விடை சொல்லத் தடுமாறுகிறாரோ அதுவே முகப்பின் பலவீனம். உரிமையாளரே இச்சோதனையைச் செய்துகொள்ள இயலாது. விடை தெரிந்தவரின் கண்ணுக்குக் குறை தென்படுவதில்லை.

நம் அம்மையாரின் கணக்குப் பெயரில் தையல் என்ற சொல்லும் இல்லை, உலு திராம் என்ற ஊர்ப்பெயரும் இல்லை. 'ஜொகூர்' என்று மட்டும் எழுதப்பட்டுள்ளது. ஜொகூர் ஒரு மாநிலம். மூவாரில் உள்ளவருக்கும் கோத்தா திங்கியில் உள்ளவருக்கும் அச்சொல் ஒன்றையே சொல்லும். அளவு கொடுக்க நேரில் வர வேண்டிய தொழிலுக்கு ஊர்ப்பெயர் இன்றியமையாதது. மேலும், இன்ஸ்டாகிராமில் ஒருவர் தேடும்பொழுது பெயர் என்னும் கட்டத்தில் உள்ள சொற்களும் தேடப்படுகின்றன. ஆதலால் தொழிலையும் ஊரையும் அக்கட்டத்திலேயே எழுதுதல் நன்று. பதினான்கு நாட்களுக்குள் இருமுறைக்கு மேல் அதனை மாற்ற முடியாது; எனவே எழுத்தைச் சரிபார்த்த பின்னரே மாற்ற வேண்டும். அறிமுக வரிகளுக்கு 150 எழுத்துக்குறிகளே இடமுண்டு. அவ்விடத்தைப் பொன்மொழிக்குச் செலவிடாமல், தைத்துக் கொடுக்க எத்தனை நாள், எவ்வாறு தொடர்புகொள்வது என்பவற்றுக்குப் பயன்படுத்தலாம்.

பின்னர் முகப்பில் உள்ள இணைப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இதனை உரிமையாளரின் கைப்பேசியிலன்றி வேறொருவர் கைப்பேசியில் செய்தல் வேண்டும். வாட்ஸ்அப் இணைப்பில் மிகுதியாகக் காணப்படும் பிழை, எண்ணை நாம் உள்நாட்டில் அழைப்பதுபோல் எழுதிவிடுவதாகும். நாட்டின் குறியீட்டெண்ணாகிய 60 முதலில் வர வேண்டும். கைப்பேசி எண்ணின் முதற் சுழியத்தை நீக்கிவிட வேண்டும். கூட்டல் குறி, இடைக்கோடு, இடைவெளி எதுவும் கூடாது. கீழே முதல் வரி தவறு, இரண்டாம் வரி சரி. X என்பது எண்களைக் குறிக்கும்.

```
https://wa.me/01XXXXXXXX
https://wa.me/601XXXXXXXX
```

அம்மையாரின் இணைப்பு முதல் வரியைப்போல் இருந்தது. ஆகவே, தொட்ட எட்டுப் பேரில் ஒருவர்கூட அவரிடம் வந்து சேரவில்லை. இஃது அவருக்கு இதுகாறும் தெரியவில்லை; வராதவர் முறையிடுவதில்லை அன்றோ?

அடுத்த பதினைந்து நிமிடம்: பதிவுகள்

கடைசியாக இட்ட பன்னிரண்டு பதிவுகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வினா எழுப்ப வேண்டும்: இதனைக் கண்ட ஒருவர், மேலும் ஒன்றும் கேளாமலே வாங்குவதா இல்லையா என்று முடிவு செய்ய இயலுமா? இயலும், இயலாது, தொழிலுக்குத் தொடர்பில்லை என மூன்று பிரிவாகக் குறித்துக்கொள்ளலாம். எத்தனை பேர் விரும்பினர் என்ற எண்ணை இங்கே பார்க்க வேண்டாம். பண்டிகை வாழ்த்துப் பதிவை உறவினர் பலர் விரும்பியிருப்பர். அவ்விருப்பம் ஓர் இரவிக்கையைத் தைக்கக் கொண்டுவராது.

நம் எடுத்துக்காட்டில் ஐந்து பதிவுகள் வாழ்த்துகள். ஆறு பதிவுகளில் இரவிக்கைப் படம் அழகாக உள்ளது. ஆயினும் கூலியும் இல்லை, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதும் இல்லை. ஒன்றே ஒன்றில்தான் கூலி, நாள், உள்துணி சேர்ந்ததா என்ற விவரம் மூன்றும் உள்ளன. எனவே பதிவுகளின் பலவீனம் படத்தின் தரமன்று, விலை இல்லாமையே.

விலையைத் தனியே கேட்கச் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக உள்ளது. ஆனால் 2012 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு மின்வணிக விதிகளே, இணையத்தின்வழி பொருளோ சேவையோ விற்பவர் தம் பெயர், தொடர்பு விவரம், முழு விலை முதலியவற்றை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டுமெனக் கூறின. அவற்றின் இடத்தில் 2024 டிசம்பரில் வந்த புதிய விதிகளும் இக்கடமையை நீக்கிவிடவில்லை. வேலைப்பாட்டுக்கு ஏற்பக் கூலி மாறும் என்றால், சாதாரண இரவிக்கைக்கு இவ்வளவு, உள்துணியுடன் இவ்வளவு, பூவேலைக்கு இவ்வளவு என வகைக்கொரு விலை எழுதலாம்.

அடுத்த இருபது நிமிடம்: விசாரணைகள்

இப்பகுதிக்கே அதிக நேரம் ஒதுக்கியுள்ளோம். கடைசியாக வந்த இருபது விசாரணைகளைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று செய்திகளைத் தாளில் எழுத வேண்டும்: முதலில் கேட்ட கேள்வி என்ன, எவ்வளவு நேரம் கழித்து விடை சென்றது, வேலை கிடைத்ததா.

இன்ஸ்டாகிராமில் `Requests` என்னும் பகுதியையும் தவறாமல் திறந்து பார்க்க வேண்டும். நாம் பின்தொடராத புதியவர் அனுப்பும் செய்தி அங்கே சென்று தங்கிவிடக்கூடும். புதிய வாடிக்கையாளர் பெரும்பாலும் அத்தகையவரே.

அம்மையாரின் இருபது விசாரணைகளும் இன்ஸ்டாகிராமிலேயே வந்தவை. பதின்மூன்று பேர் கூலி கேட்டனர். நால்வர் நாள் கேட்டனர். மூவர் வீடு எங்கே என்றனர். ஒரு மணி நேரத்துக்குள் விடை பெற்றவர் நால்வர். அவர்களில் மூவர் துணி கொடுத்தனர். அன்றைக்கே பின்னர் விடை பெற்றவர் எழுவர். அவர்களில் இருவர் துணி கொடுத்தனர். மறுநாளோ அதற்குப் பின்னரோ விடை பெற்றவர் ஒன்பது பேர்; ஒருவரும் வரவில்லை. அவ்வொன்பதில் நான்கு செய்திகள் `Requests` பகுதியில் ஒரு வாரம் கிடந்தவை.

இங்கே இரண்டு உண்மைகள் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. தையற்பொறியின் முன் அமர்ந்திருப்பவர் ஒவ்வொரு செய்திக்கும் உடனே விடையெழுத இயலாது. அவரிடம் வந்த கேள்விகளில் பாதிக்கும் மேற்பட்டவை, பதிவிலேயே விலை இருந்திருந்தால் வந்திரா. பதிவில் உள்ள குறையே விசாரணையில் தாமதமாக வெளிப்படுகிறது.

கடைசி ஐந்து நிமிடம்: எதனை முதலில் திருத்துவது?

இப்பொழுது தாளில் மூன்று பலவீனங்கள் உள்ளன: தவறான இணைப்பு, விலையில்லாப் பதிவு, தாமதமான விடை. வேலை கிடைக்கும் இடத்துக்கு மிக அருகிலுள்ள குறையை முதலில் திருத்துவதே முறை. விடையில் தாமதம் நீங்காமல் இன்னும் நூறு பேரை முகப்புக்கு அழைத்தாலும், அவர்களும் அவ்விடத்திலேயே திரும்பிவிடுவர். இணைப்பைத் திருத்த இரண்டு நிமிடமே ஆகுமாதலால், அதனை மட்டும் உடனே செய்துவிடலாம்.

தாமதத்தைக் குறைக்க, வாட்ஸ்அப் வணிகச் செயலியில் `Quick replies` என்னும் வசதி உண்டு. ஒருமுறை எழுதிச் சேமித்த விடையை, சாய்கோட்டுக் குறியைத் தட்டி வரவழைக்கலாம். அவ்விடை இவ்வாறு அமையலாம்: "வணக்கம். சாதாரண இரவிக்கைக் கூலி இவ்வளவு ரிங்கிட், உள்துணியுடன் இவ்வளவு. அளவு கொடுத்த ஏழாம் நாள் பெறலாம். எந்த நாள் தேவைப்படுகிறது?" இறுதியில் ஒரு கேள்வியிருப்பதைக் கவனியுங்கள். விலையை மட்டும் சொல்லி நிறுத்தினால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். இதனுடன், நண்பகலிலும் மாலையிலும் என நாளுக்கு இருவேளை `Requests` பகுதியைப் பார்க்க நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் விலைப்பட்டியலை ஒரு பதிவாக்கி முகப்பின் மேல்வரிசையில் நிறுத்திவைக்கலாம். மூன்று பதிவுகள்வரை அவ்வாறு நிறுத்த இடமுண்டு.

இச்சோதனைக்கு எல்லையும் உண்டு. இருபது விசாரணை என்பது சிறிய எண்ணிக்கை. தாமதமாக விடை பெற்றவர் சிலர், உடனே விடை கிடைத்திருந்தாலும் வந்திருக்கமாட்டார். ஆகவே ஒரு திருத்தம் பலித்ததா என்பதை நான்கு வாரம் கழித்து அதே மூன்று செய்திகளை மீண்டும் எண்ணியே முடிவு செய்ய வேண்டும். தீபாவளிக்கு முந்திய மாதத்தைச் சாதாரண மாதத்தோடு ஒப்பிடுதல் கூடாது. கூட்டம் பண்டிகையால் வந்ததா, திருத்தத்தால் வந்ததா என்பது விளங்காது. நான்கு வாரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் விடை பெற்றவர் கூடியும் வேலை கூடவில்லையென்றால், குறை தாமதத்தில் இல்லை. கூலியையோ குறித்த நாளையோ அடுத்ததாகச் சோதிக்க வேண்டும். முதற்சோதனையில் எழுதிய தாளை அதுவரை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.