எந்த வாத்தியார்?

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் எனக்கு வேலை. குடியிருப்பது கள்ளக்குறிச்சியில். மார்ச் 9, ஞாயிறு அன்று நடந்த எங்கள் தெருச் சங்கக் கூட்டத்துக்குப் போக முடியவில்லை. நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது மட்டும் என் தலையில். பொருளாளர் அக்கா நோட்டில் எழுதியதை நான்கு படங்களாக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

கச்சிராயபாளையம் தாண்டும்போது பஸ்ஸில் திறந்து பார்த்தேன். டியூப்லைட் வெளிச்சம் தாளின் நடுவே வெள்ளையாக அடித்திருந்தது. இரண்டாம் படத்தில் வலது ஓரம் காணோம். வரிகள் பாதியில் நின்றதால்தான் அது தெரிந்தது. அக்கா தேதிகளை எழுதுவதே அந்த ஓரத்தில்தான்! பகல் வெளிச்சத்தில், தாளின் நான்கு மூலையும் தெரிய மறுபடி எடுத்து, டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுகிறது; பென்சில் எழுத்தில் புள்ளி இருக்கிறதா என்றே தெரியாது.

புதுப் படம் வந்ததும் முதலில் வரிக்கு வரி அப்படியே தட்டச்சு செய்தேன். படிக்க முடியாத இடத்தில் கேள்விக்குறி. ஊகித்து நிரப்பினால், பிறகு எது அக்கா எழுதியது, எது நான் சேர்த்தது என்று எனக்கே தெரியாமல் போகும். அதன் பிறகே முடிவு, பொறுப்பு, கெடு என்று மூன்று கட்டம்.

“கால்வாய் அடைப்பு, பார்க்கலாம்” என்றொரு வரி. பேசினார்களே தவிர முடிவெடுக்கவில்லை. ஆகவே அதை விவாதம் என்று தனியே வைத்தேன். காவலாளி சம்பளத்தில் 500 ரூபாய் கூட்டும் வரியின் மேல் பேனா மையில் “சரி” என்றிருந்தது. கூட்டத்தில் எழுதியதா, பிறகு எழுதியதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முடிவுக் கட்டத்துக்குப் போனது.

சிக்கல் வந்தது இந்த வரியில்: “தெருவிளக்கு மனு, வாத்தியார், 15க்குள்.”

எங்கள் தெருவில் வாத்தியார்கள் மூன்று பேர். நான் பாட்டுக்கு “நகராட்சியில் மனு அளிக்கப்படும்” என்று எழுதியிருப்பேன். “படும்” போட்டால் யார் என்ற கேள்வியே எழாது. சங்கக் குறிப்புகளில் வேலை காணாமல் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

“எந்த வாத்தியார், அக்கா?”

“நம்ம கடைசி வீட்டு சார்தான்.”

“15க்குள்னா மார்ச் 15ஆம் தேதியா?”

“இல்லப்பா, 15 நாளுக்குள்ள.”

நான் 15ஆம் தேதி என்றே போட்டு வைத்திருந்தேன். அடித்துவிட்டு, மார்ச் 24, திங்கள் என்று கிழமையோடு எழுதினேன். கிழமை தேதியோடு ஒத்துவராவிட்டால் கணக்கு எங்கோ தவறியிருக்கிறது என்று உடனே தெரியும்.

கடைசி வீட்டு சாரிடம் அந்த வரியைக் காட்டினேன். “நானா? கூட்டத்துல தலையாட்டுனேன், அவ்வளவுதான்,” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, போட்டுக்கோங்க. கம்பத்து நம்பரை மட்டும் குறிச்சுக் கொடுங்க,” என்றார். அதற்கு ஒரு வரி சேர்த்தேன். பொறுப்பு: நான்.