‘ஒரே நாளில் டிஸ்ப்ளே’ என்று எப்போது எழுதலாம்?

கேள்வி: மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அடுத்த திங்கட்கிழமை மொபைல் சர்வீஸ் கடை திறக்கிறேன். தஞ்சாவூரில் ஒரு கடையில் வேலை பழகியவன். ‘எல்லா மாடலுக்கும் ஒரே நாளில் டிஸ்ப்ளே மாற்றித் தரப்படும், 30% வரை தள்ளுபடி’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒரு போஸ்ட் எழுதி வைத்திருக்கிறேன். இது போதுமா சார்?

பதில்: தம்பி, முதலில் ‘எல்லா மாடலுக்கும்’ என்பதை எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் முடியுமா என்பது உங்கள் கைவேகத்தைப் பொறுத்ததல்ல, அலமாரியில் அந்த மாடலின் காம்போ இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அது சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வர வேண்டுமென்றால், காலையில் போனைக் கொடுத்தவர் மாலையில் வெறுங்கையோடுதான் போவார். உங்களுக்குச் சரக்கு தரும் மொத்தக் கடைக்காரரிடம் உங்கள் பகுதிக்கு எந்த மாடல் டிஸ்ப்ளே அதிகம் போகிறது என்று கேளுங்கள். அதில் பத்துப் பன்னிரண்டு மாடல்களை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தப் பெயர்களையே போஸ்ட்டில் போடுங்கள். தன் போனின் பெயரைப் பார்ப்பவர்தான் நின்று படிப்பார்.

அடுத்தது நேரம். சூடு காட்டிப் பழைய டிஸ்ப்ளேயைக் கழற்றி, பிரேமில் ஒட்டியிருக்கும் பசையையும் கண்ணாடித் தூளையும் சுரண்டிப் புதியதை வைக்க, பழகிய கைக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் பசைக்கும் நேரம் வேண்டும். பி-7000 போன்ற பசை முழுதாக இறுக ஒரு நாளுக்கு மேலும் ஆகும். கிளிப்போ ரப்பர் பேண்டோ போட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது வைத்திருந்தால்தான் கையில் கொடுக்கும் அளவுக்குப் பிடிக்கும். அவசரத்தில் கொடுத்தால் நாலு நாளில் ஓரம் தூக்கிக்கொள்ளும், இடுக்கில் தூசி போகும், பிறகு டச்சும் தகராறு செய்யலாம். அதனால் ‘ஒரே நாளில்’ என்று பொதுவாக எழுதாமல் வாங்கும் நேரத்தையும் தரும் நேரத்தையும் சொல்லுங்கள். மதியம் 1 மணிக்குள் வந்தால் இரவு 7 மணிக்கு என்பது ஒருவர் வேலை செய்யும் கடைக்குத் தாங்கும்.

பசை போடுவதற்கு முன்பே புது காம்போவை மாட்டி, வெள்ளைத் திரையில் புள்ளியோ கோடோ தெரிகிறதா என்று பாருங்கள். டச்சைச் சோதிக்க வாடிக்கையாளரின் பாஸ்வேர்டு தேவையில்லை. லாக் திரையில் எமர்ஜென்சி கால் பலகையை எடுத்து எல்லா எண்களையும் அழுத்திப் பார்க்கலாம், கேமராவையும் திறக்கலாம். மிச்சத்தை அவர் வந்ததும் அவரே திறந்து பார்க்கட்டும். பாஸ்வேர்டு கேட்கமாட்டோம் என்பதைப் போஸ்ட்டில் எழுதுங்கள். போனைக் கடையில் விட்டுப்போகப் பலரும், குறிப்பாகப் பெண்கள், தயங்குவது இதற்காகத்தான்.

இனி ஆஃபர். ‘30% வரை’ என்றால் எதிலிருந்து 30 என்று படிப்பவருக்குத் தெரியாது. அந்தத் தள்ளுபடியை ஈடுகட்ட மட்டமான காம்போ போடத் தோன்றும், அங்கேதான் பெயர் கெடும். திரைக்கு அடியில் கைரேகை வைக்கும் போனில் விலை மலிவான எல்சிடி காப்பியைப் போட்டால் கைரேகை வேலை செய்யாது. ஓஎல்இடி காம்போ போட்டால்தான் அந்த வசதி கிடைக்கும், அதிலும் தரம் பார்த்து வாங்க வேண்டும். இரண்டின் விலையையும், எதில் எது போகும் என்பதையும் வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆஃபருக்கு டெம்பர் கிளாஸ் இலவசம் என்பது போதும். உங்களுக்குச் செலவு குறைவு, டிஸ்ப்ளே உடைந்தவருக்கு அன்றைக்குத் தேவையும் அதுதான்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> டிஸ்ப்ளே உடைந்துவிட்டதா? கொடுத்த அன்றைக்கே மாற்றித் தருகிறோம்.
> மதியம் 1 மணிக்குள் கொடுங்கள், இரவு 7 மணிக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.
> கையிருப்பில் உள்ள மாடல்கள்: (பெயர்கள்)
> உங்கள் மாடல் இதில் இல்லையா? பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். விலையும் எந்த நாளில் கிடைக்கும் என்பதும் சொல்கிறோம்.
> பாஸ்வேர்டு தர வேண்டாம்.
> திறப்பு ஆஃபர்: இந்த மாதம் முழுவதும் டிஸ்ப்ளே மாற்றினால் டெம்பர் கிளாஸ் இலவசம்.
> திங்கள் முதல், மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு அருகில்.

இதன் கீழே கடை வாசலின் படமும் போன் நம்பரும் வரட்டும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். போனை வாங்கும்போதே சார்ஜர் போட்டு, வேறு போனிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். திரை இருட்டாக இருந்தாலும் மணி அடித்தால் பெரும்பாலும் டிஸ்ப்ளேதான் போயிருக்கும், 7 மணி என்று வாக்குக் கொடுக்கலாம். மணியும் இல்லை, அதிர்வும் இல்லை, சார்ஜும் ஏறவில்லை என்றால் போர்டில் கோளாறு இருக்கலாம். அதற்கு நேரம் சொல்லாதீர்கள், பார்த்துவிட்டு மாலையில் கூப்பிடுகிறேன் என்று நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். காம்போ இல்லாமல் திருப்பி அனுப்பும் மாடல்களை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த சரக்கு போடும்போது அதைப் பார்த்தே வாங்கலாம்.