மலைப் பூண்டும் மூன்று நட்சத்திர ரிவ்யூவும்

கேள்வி: பூம்பாறையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பூண்டு. இதுவரை வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டையாக அனுப்பினோம். போன வருடம் முதல் அரைக் கிலோ பாக்கெட்டாக ஆன்லைனிலும் விற்கிறோம். "தரமான, இயற்கையான, சுவையான கொடைக்கானல் மலைப் பூண்டு" என்று எழுதியிருக்கிறோம். நிறையப் பேர் வந்து பார்க்கிறார்கள், வாங்குகிறவர்கள் குறைவு. மற்றவர்கள் விற்கும் பூண்டுக்கு வந்த ரிவ்யூக்களைப் படித்து, அதை வைத்து மாற்றி எழுதச் சொல்கிறான் தம்பி. உட்கார்ந்து படித்தேன். "சூப்பர்", "மோசம்", "காசு வேஸ்ட்" என்றுதான் இருக்கிறது. இதில் எதை எடுப்பது?

- ஒரு வாசகி, பூம்பாறை

பதில்: தம்பி சொன்னது சரி. நீங்கள் படிக்கத் தொடங்கிய இடம்தான் தவறு. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் பெரும்பாலும் ஒரு சொல்லோடு போய்விடுவார். ஒரு நட்சத்திரம் கொடுத்தவரின் கோபம் பாதி நேரம் கூரியர்காரர் மேல். இரண்டும் மூன்றும் கொடுத்தவர்களை முதலில் படியுங்கள். பிடித்தது எது, இடித்தது எது என்று இருபக்கமும் சொல்கிறவர்கள் அவர்கள்தான். "வாசனை நல்லா இருக்கு, ஆனா..." என்று ஒருவர் எழுதினால், அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவதுதான் உங்களுக்கு வேண்டியது.

எந்தப் பொருளின் ரிவ்யூ என்பதிலும் கவனம் வேண்டும். கொடைக்கானல் பூண்டு என்றே விற்கும் நான்கைந்து பக்கங்கள், ஊட்டிப் பூண்டு ஒன்றிரண்டு, ஒற்றைப் பல் பூண்டு ஒன்று போதும். ஒற்றைப் பல் வேறு சரக்குதான். ஆனால் உங்களிடம் வர வேண்டியவர் அங்கே எதைத் தேடிப் போனார் என்பது அதில் தெரியும். பல கடைகளில் கால் கிலோ, ஒரு கிலோ, சில சமயம் உரித்த பூண்டு, எல்லாவற்றின் ரிவ்யூவும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும். பெரும்பாலும் ரிவ்யூவோடு அளவும் போட்டிருக்கும். அதைப் பார்த்துப் பிரியுங்கள். இதைப் பார்க்காமல் உரித்த பூண்டின் புளித்த வாசத்தை முழுப் பூண்டின் குறையாகக் கணக்கெடுத்து நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன்.

நூறு, நூற்றிருபது ரிவ்யூ போதும். கையாலேயே எடுத்து ஒரு எக்செல் தாளில் போடுங்கள். தேதி, நட்சத்திரம், அவர் எழுதிய சொல் அப்படியே, பிறகு எந்த நேரத்தில் அந்தக் குறை தெரிந்தது என்ற ஒரு கட்டம். பாக்கெட்டைப் பிரித்தபோதா, உரித்தபோதா, சமைத்தபோதா, பத்து நாள் கழித்தா? இந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியம். அவர் சொல்லைத் திருத்தாதீர்கள். "தோல் பழுப்பா அழுக்கா இருந்தது" என்று எழுதியிருந்தால் அதை 'தரக்குறைவு' என்று சுருக்கினால் அந்த வரி செத்துவிடும். ஒருவரே நாலு தடவை சொன்னாலும் ஒன்று என்றே எண்ணுங்கள்.

இனி அந்தத் தாளை மூன்றாகப் பிரிக்க வேண்டும். மலைப் பூண்டை வைத்தே சொல்கிறேன். இப்படி வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: பழுப்பாக, புகை வாசத்தோடு இருக்கிறது என்று பதினாறு பேர், வழக்கம்போலப் போட்டேன், ரசத்தில் காரம் தூக்கிவிட்டது என்று ஒன்பது பேர், பத்தே நாளில் முளைவிட்டது, உள்ளே பஞ்சாக இருந்தது என்று பதினான்கு பேர், இது நிஜமாகக் கொடைக்கானல் பூண்டுதானா என்று பதினொரு பேர்.

முதல் இரண்டும் குறையே அல்ல. புகைபோட்டு வைத்த பூண்டு பழுப்பாகத்தான் இருக்கும், நாள்பட நிற்பதும் அதனால்தான். காரம் மலைப் பூண்டின் குணம். விற்றவர் முன்கூட்டிச் சொல்லாததால் அது குறையாகிவிட்டது. இதற்கு உங்கள் பக்கத்தில் சொன்னாலே போதும்: "அறுவடைக்குப் பின் புகைபோட்டு வைத்தது, அதனால் தோல் பழுப்பாக, லேசான புகை வாசத்தோடு இருக்கும். காரம் கூடுதல், வழக்கமாகப் போடுவதில் பாதியில் தொடங்குங்கள்." நீங்கள் புகை போடுவதில்லை என்றால் இந்த வரி உங்களுக்கு இல்லை. இதே பழுப்புத் தோல் தெரியும்படி கிட்டத்தில் வைத்துப் படமும் எடுங்கள். வெளுத்த பூண்டின் படத்தைப் பார்த்து வாங்கியவர் பழுப்பைக் கண்டால் ஏமாந்ததாகத்தான் நினைப்பார்.

முளைவிட்டது அப்படியல்ல, அதைச் சொல்லால் சரிசெய்ய முடியாது. முதலில் தேதிகளைப் பாருங்கள். மழை மாதங்களில் புகார் குவிந்தால், நன்றாகக் காயாத பூண்டை மூடிய பாலித்தீன் பையில் அனுப்பியிருக்க வாய்ப்பு அதிகம். ஈரம் வெளியேறாமல் பூஞ்சணம் பிடிக்கும், முளையும் வரும். காய்ந்த சரக்கை வலைப் பையிலோ காற்றுத் துளை உள்ள அட்டையிலோ அனுப்பத் தொடங்கிய பிறகுதான் "வலைப் பையில் வரும், காற்றோட்டமாக வையுங்கள்" என்று எழுத உரிமை. எடை குறைகிறது என்று புகார் வந்தால் அதுவும் பாதி இந்த ஈரத்தால் வருவது. பச்சையாக நிறுத்த அரைக் கிலோ, போய்ச் சேரும்போது அரைக் கிலோ இருக்காது.

'நிஜமாகக் கொடைக்கானல்தானா' என்பது சந்தேகம். அதற்கு 'அசல்' என்று எழுதுவது பதிலாகாது. எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஊர்ப் பெயர், அறுவடை மாதம், உங்கள் வயலின் படம் ஆகியவை பதில். கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. ஆனால் ஊருக்குக் கிடைத்ததாலேயே உங்கள் பாக்கெட்டில் அந்த முத்திரையைப் போட்டுவிட முடியாது. 1999-ஆம் ஆண்டின் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்டால்தான் உரிமை. பதிவு செய்யுங்கள், பிறகு முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

தாங்களாகவே பாராட்டியவர்களின் சொற்களையும் விடாதீர்கள். "பிரசவமான பெண்ணுக்காக வாங்கினேன்", "பூண்டுக் குழம்புக்கு இதுதான்", "ஊறுகாய்க்கு அம்மா கேட்டாங்க" என்று வருபவை, எந்த வேளைக்கு இந்தப் பூண்டைத் தேடுகிறார்கள் என்பதைக் காட்டும். "பூண்டுக் குழம்புக்கும் ஊறுகாய்க்கும்" என்று எழுதலாம். தேடும்போது என்ன தட்டுகிறார்கள் என்பதும் ரிவ்யூவிலேயே இருக்கும். malai poondu, malaipoondu, kodai poondu, hill garlic என்று ஆளுக்கொரு எழுத்து. தலைப்பில் ஒன்றை வைத்து மற்றவற்றைத் தேடுசொல் கட்டத்தில் போடுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கையை வைக்காதீர்கள். "பிபி குறைந்தது", "சுகர் இறங்கியது" என்று நிறைய வரும், ஆசையாகவும் இருக்கும். வாங்கியவர் அவர் நம்பிக்கையைச் சொல்கிறார். விற்பவர் சொன்னால் அது விளம்பரம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய நோய்க்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதேபோல, இன்னொருவர் பூண்டுக்கு வந்த பாராட்டை மேற்கோள் போட்டு உங்கள் பக்கத்தில் ஒட்டுவதும் கூடாது. அது உங்கள் பூண்டைச் சாப்பிட்டவர் சொன்னதல்ல. சொல்லை எடுங்கள், வாக்கியத்தை எடுக்காதீர்கள்.

மாற்றுவதை ஒன்றொன்றாக மாற்றுங்கள். முதலில் படமும் முதல் இரண்டு வரியும் மட்டும். இரண்டு மூன்று வாரம் விட்டு, திருப்பி அனுப்புகிறவர்கள் காட்டும் காரணத்தையும் வாங்குமுன் கேட்கப்படும் கேள்விகளையும் பாருங்கள். 'தோல் ஏன் பழுப்பு' என்ற கேள்வி நின்றிருந்தால் அந்த வரி வேலை செய்கிறது. இன்னும் வந்துகொண்டிருந்தால் அதை யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். படத்தின் மேலேயே எழுதிப் பாருங்கள்.