இரண்டாம் வகைக்கெழுவில் முளைக்கும் பதங்கள்

கல்லூரியில் நுண்கணிதம் போதித்த காலத்தில் நான் கண்ட விசித்திரம் ஒன்று: சார்பின் சார்பை ஒருமுறை வகையிடுவதில் சமர்த்தரான மாணவரும், இரண்டாம் வகைக்கெழு என்றவுடன் f''(u)·u'² என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவார். பயிற்சிக் கணக்குகள் sin 3x போன்றவையாக இருக்குமளவும் விடையும் சரியாகவே வந்துகொண்டிருப்பதால், அவருக்குச் சந்தேகம் எழவே காரணமில்லை. u = 3x என்னும்போது u'' பூஜ்யமாகையால், விடுபட்ட பதம் தன் இன்மையைக் காட்டிக்கொள்வதில்லை; ஆகவே முதல் பயிற்சியிலேயே sin x² கொடுப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

முதல் வகைக்கெழு f'(u)·u' என்பது இரண்டு காரணிகளின் பெருக்கம். அவ்விரண்டுமே x-ஐச் சார்ந்தவை என்பதை நினைவில் இருத்திப் பெருக்கல் விதியைப் பிரயோகித்தால்,

y'' = f''(u)·u'² + f'(u)·u''

என்று வந்துவிடும். sin x²-க்கு இது −4x² sin x² + 2 cos x² ஆகிறது. x = 0 என்னுமிடத்தில் முதற்பதம் மறைந்து 2 மிஞ்சுகிறது; பூஜ்யத்துக்கு அருகே sin x² ஏறக்குறைய x²-ஆகவே நடந்துகொள்வதால் விடை 2 என்பதே நியாயம். இரண்டாம் பதத்தை விட்டவருக்கோ பூஜ்யம்தான் கிடைக்கும்.

மீண்டும் ஒருமுறை வகையிட்டால்,

y''' = f'''·u'³ + 3f''·u'·u'' + f'·u'''

நடுவிலுள்ள 3 எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நிதானமாகப் பார்க்கவேண்டும். u'²-ஐ வகையிடும்போது 2u'u'' கிடைக்கிறது. f'·u'' என்னும் பதத்திலுள்ள f'-ஐ வகையிடும்போது f''·u'·u'' இன்னொன்று வருகிறது. ஒரே வடிவினவாகையால் இரண்டும் ஒன்றும் சேர்ந்து மூன்றாகின்றன. இவற்றை இணைக்குமுன் தனித்தனியே எழுதிவைக்கும்படி நான் வற்புறுத்துவதுண்டு. அவசரத்தில் 2 என்றே நின்றுவிடுவோர் அநேகர். (எந்தப் படிக்கும் பொருந்தும் பொதுச்சூத்திரம், 1855-இல் அதை வெளியிட்ட இத்தாலியக் கணிதர் ஃபா டி புரூனோவின் பெயரால் வழங்குகிறது, ஆனால் 1800-இலேயே பிரெஞ்சுக்காரரான ஆர்போகாஸ்ட் அதைக் கண்டிருந்தார்.)

எழுதி முடித்தபின் கோடுகளை எண்ணிப்பார்ப்பது நல்ல உபாயம். ஒவ்வொரு பதத்திலும் u-க்களின் மேலுள்ள கோடுகளின் கூட்டுத்தொகை 3 ஆகவும், f-இன் மேலுள்ள கோடுகளின் எண்ணிக்கை u-காரணிகளின் எண்ணிக்கைக்குச் சமமாகவும் இருத்தல் வேண்டும். இது பதங்களின் வடிவத்தைச் சோதிக்குமேயன்றிக் குணகத்தைச் சோதிக்காது. அதற்குத் தொடர் உதவும்: sin x² = x² − x⁶/6 + … என்பதை மும்முறை வகையிட்டால் −20x³ என்று தொடங்குகிறது. சூத்திரம் தரும் −12x sin x² − 8x³ cos x² என்பதிலும், x சிறிதாயிருக்கையில், −12x³-உம் −8x³-உம் கூடி அதே −20x³ வருகிறது. நடுக்குணகத்தை 2 என்று எழுதியவருக்கு −16x³-உம், 1 என்று எழுதியவருக்கு −12x³-உம் வரும். ஆகவே பிழை உண்டு என்பதோடு, எத்தனை பதம் விட்டுப்போயிற்று என்பதும் அவ்வெண்ணிலிருந்தே தெரிந்துவிடும்.