எந்த மந்தாரை?

கேள்வி: புணேயில் வேதாள் குன்றருகே பிப்ரவரியில் இலையுதிர்ந்து நின்ற இளஞ்சிவப்பு மந்தாரையைப் படமெடுத்தேன். இருகிளைத் திறவுகோலில் கேசர எண்ணிக்கையிலேயே தடுமாறுகிறேன். என்ன செய்வது?

பதில்: பூவின் முகத்தை மட்டும் எடுத்த படம் அழகானதேயாயினும் சாட்சியத்துக்குப் போதாது. முதற்படி, மகரந்தப்பையுடைய கேசரங்கள் பத்தா, ஐந்துக்கு மேற்படாதவையா என வினவுகிறது. பத்தெனில் வெண்மந்தாரை, மஞ்சள் மந்தாரை முதலியவற்றின் கிளைக்குச் செல்ல வேண்டும். மற்றக் கிளையில், மூன்றெனில் பர்ப்யூரியா, ஐந்தெனில் வேரிகேட்டா. பையற்ற மலட்டு இழைகளையும் சேர்த்தெண்ணுவதும், பைகள் உதிர்ந்த முதிய பூவை நம்புவதுமே வழக்கமான பிழைகள். ஆகையால் அன்றலர்ந்த பூவைப் பக்கவாட்டில், இதழை விலக்கி, அண்மையில் எடுங்கள்.

இனி மொட்டைப் படமெடுங்கள்: பர்ப்யூரியாவின் மொட்டில் நீள்வரம்புகள் துலங்கும், வேரிகேட்டாவினது வழுவழுப்பானது. இலையற்ற மரம் பிப்ரவரியில் பூத்ததும் வேரிகேட்டாவையே சுட்டுகிறது. பர்ப்யூரியா பெரும்பாலும் மழைக்காலத்துக்குப் பின், இலையோடு பூப்பது. எனினும் பருவம் துணைச்சாட்சியமே. கேசரமும் மொட்டும் முரண்பட்டால், திறவுகோலில் இடம்பெறாத தோட்டக் கலப்பினமோ என ஐயுற்று, காய் பிடிக்கிறதா என்று ஏப்ரலில் மறுபடியும் போய்ப் பாருங்கள்.